மீன் சீட்டு அட்டவணையை இயல்பாக்குவது எப்படி?

மீன் விற்பனைச் சீட்டுகளின் மாதிரி அட்டவணை இது. ஊர்கள் புத்தளம் கரையோரத்தவை; எண்கள் விளக்கத்துக்காக இட்டவை.

| சீட்டு | திகதி | துறை | பிரதேச செயலகம் | மீன், கிலோ, கிலோ விலை |
|---|---|---|---|---|
| 101 | மார்ச் 3 | கந்தக்குளி | கற்பிட்டி | சூடை 40, ரூ. 400, பாரை 12, ரூ. 1100 |
| 102 | மார்ச் 3 | உடப்பு | முந்தல் | கீரி 25, ரூ. 450 |
| 103 | மார்ச் 4 | கந்தக்குளி | கற்பிட்டி | பாரை 18, ரூ. 1250 |

இயல்பாக்கல் என்பது ஒவ்வொரு நிரலையும் பார்த்து, "இந்த மதிப்பை எது தீர்மானிக்கிறது?" என்று கேட்பது. தொடர்புநிலைத் தரவுத்தளத்தை 1970இல் முன்வைத்த ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கார் காட் இதற்கான படிகளை வகுத்தார்.

முதல் இயல்வடிவம். இரண்டு நாளிலும் பாரை மொத்தம் எத்தனை கிலோ? 30 என்று கண் சொல்லிவிடும். கணினியால் கூட்ட முடியாது. ஒரே கட்டத்தில் பல மீன்கள் அடைபட்டிருப்பதே காரணம். ஒரு மீனுக்கு ஒரு வரி என்று பிரித்து, மீன், கிலோ, விலை மூன்றையும் தனி நிரல்களாக்க வேண்டும். 101ஆம் சீட்டு இரண்டு வரியாகிவிடுவதால், இனி ஒரு வரியை அடையாளம் காட்டச் சீட்டு எண்ணும் மீனும் சேர்ந்தே சாவியாகும்.

இரண்டாம் இயல்வடிவம். இப்போது 101இன் திகதி இரண்டு வரிகளில் இருக்கிறது. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால், ஒரே சீட்டுக்கு இரண்டு திகதிகள் வந்துவிடும். திகதியையும் துறையையும் தீர்மானிப்பது சீட்டு எண் மட்டுமே. மீனுக்கு அதில் பங்கில்லை. சாவியின் ஒரு பாதியை மட்டும் சார்ந்த இவற்றைச் "சீட்டு" என்ற தனி அட்டவணைக்கு மாற்ற வேண்டும். பிரதேச செயலகமும் கூடவே போகும்.

மூன்றாம் இயல்வடிவம். 102ஆம் சீட்டை அழித்துப் பாருங்கள். உடப்பு முந்தல் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது என்ற தகவலும் சேர்ந்து அழிந்துவிடும். பிரிவைத் தீர்மானிப்பது துறை. சீட்டு எண் அல்ல. துறையையும் பிரிவையும் வைத்து மூன்றாவது அட்டவணை அமைத்தால், ஒரு சீட்டுக்கூட இல்லாத துறையையும் பதிந்து வைக்கலாம். சீட்டு அட்டவணையில் துறையின் பெயர் மட்டும் இணைப்பாக நிற்கும்.

மிஞ்சுவது மூன்று அட்டவணைகள்:

```
சீட்டு (சீட்டு_எண், திகதி, துறை)
சீட்டு_மீன் (சீட்டு_எண், மீன், கிலோ, விலை)
துறை (துறை, பிரதேச_செயலகம்)
```

விலை மீனுக்குத்தானே, அதையும் தனி மீன் அட்டவணைக்குக் கொண்டுபோகலாமே என்று பலருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் பாரைக்கு ஒரே விலைதான் நிற்கும். 1250 என்று மாற்றிய உடனே, மார்ச் 3இல் விற்ற 12 கிலோவின் கணக்கும் 13,200 ரூபாவிலிருந்து 15,000 ஆகிவிடும். அன்றன்றைய விலையைத் தீர்மானிப்பது சீட்டும் மீனும் சேர்ந்தே. ஆகவே அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எதை எது தீர்மானிக்கிறது என்பதை நிரலின் பெயரை வைத்து ஊகிக்க முடியாது; துறையில் மீன் எப்படி விலைபோகிறது என்று கேட்டறிந்த பிறகே அட்டவணையைப் பிரிக்க வேண்டும்.