யார் பார்க்கலாம், எதுவரை பார்க்கலாம்? பள்ளி இணையதளம் திட்டமிடுதல்

ஆலங்குடியில் நான் பணியாற்றும் உதவி பெறும் பள்ளிக்கு இணையதளம் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. முகப்பு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்று ஒதுக்கிவைத்தேன். அலுவலகத்திலிருந்து வெளியே செல்லும் தாள்களை மேசையில் பரப்பி, மூன்று கட்டுகளாகப் பிரித்தேன். முதல் கட்டு, ஊரார் எவரும் பார்க்கலாம். இரண்டாவது, நம் பள்ளிப் பெற்றோர் மட்டும் பார்க்கலாம். மூன்றாவது, ஒரே ஒரு குழந்தையின் பெற்றோர் மட்டும் பார்க்கலாம். தளத்தின் அமைப்பு இந்தப் பிரிப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

சேர்க்கை விவரம் முதல் கட்டைச் சேர்ந்தது. எந்த வகுப்பில் இடம் உண்டு, எந்த நாளுக்கு எத்தனை வயது நிறைந்திருக்க வேண்டும், என்னென்ன சான்றுகள் தேவை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதினோம். சான்றுகளின் பட்டியலை மட்டும் போட்டால், ஏதேனும் ஒன்று இல்லாத பெற்றோர் பள்ளிப் பக்கமே வராமல் போகலாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ தொடக்கக் கல்வி வகுப்புகளில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. எனவே பட்டியலின் கீழேயே, "இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நேரில் வாருங்கள்" என்று சேர்த்தோம்.

சுற்றறிக்கைக்கு எண், நாள், எந்த வகுப்புக்கு, எதுவரை பொருந்தும் என நான்கு குறிப்புகள் வேண்டும். நான்காவது இல்லாவிட்டால், சென்ற ஆண்டின் தேர்வு அட்டவணையை இந்த ஆண்டுக்கு உரியது என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். எழுத்துருவிலும் கவனம் வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், கைப்பேசியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தாளைப் படமெடுத்துப் போட்டால் தேட முடியாது. ஆகவே யூனிகோடில் தட்டச்சு செய்வதே வழி. ஒரு சொல்லைத் தளத்தின் தேடல் பெட்டியில் இட்டுப் பார்த்தால் சரியாக ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நாட்காட்டியில் ஒரு தேதி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படும்போது, அதை ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். விடுமுறையைச் சேர்ப்பவரே அதே நேரத்தில் அந்தச் சனிக்கிழமையையும் மாற்ற வேண்டும். சுற்றறிக்கையில் தேதியை மீண்டும் தட்டச்சு செய்யாமல் நாட்காட்டிக்கு இணைப்புக் கொடுத்தால், இரண்டு இடங்களில் இரண்டு தேதிகள் இருக்க வாய்ப்பில்லை.

கட்டண அறிவிப்பைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சுயநிதிப் பிரிவின் வகுப்புவாரிக் கட்டணமும் கடைசி நாளும் அனைவருக்கும் உரியவை. ஒரு குழந்தை செலுத்த வேண்டிய நிலுவை மூன்றாவது கட்டைச் சேர்ந்தது. நிலுவைப் பட்டியலைப் பெயர்களோடு பொதுப் பக்கத்தில் ஏற்றினால், அந்தக் குழந்தை வகுப்பில் தலைகுனிய நேரும். 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாகக் கேட்கிறது.

பெற்றோர் உள்நுழைவுக்குச் சேர்க்கை எண்ணும் பிறந்த தேதியும் போதும் என்று பலர் எண்ணுவர். ஆனால் பிறந்த நாளில் இனிப்பு வாங்கிச் சாப்பிட்ட வகுப்பு முழுவதற்கும் அந்தத் தேதி தெரியும். பதிவான கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் இதைவிடப் பாதுகாப்பானது. எனினும் எண்கள் மாறும். தந்தை வெளிநாட்டில் வேலை பார்க்க, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே ஒரு குழந்தைக்கு இரண்டு எண்களையும், உடன்பிறந்தோருக்கு ஒரே உள்நுழைவையும் அனுமதித்தோம். எண்ணை மாற்றுவது பள்ளி அலுவலகத்தில், நேரில் மட்டுமே. தொலைபேசியில் கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தால் உள்நுழைவு என்ற பூட்டுக்குப் பொருளே இல்லை.

தளத்தைத் திறக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். உள்நுழைந்து ஒரு மாணவரின் நிலுவைச் சீட்டைத் திறந்தால், முகவரிப் பட்டையில் இப்படி ஒரு வரி தெரியலாம்:

```
/fees/slip-214.pdf
```

214 என்பதை 215 ஆக்கிப் பாருங்கள். அடுத்த குழந்தையின் சீட்டு திறந்தால், தளம் உள்நுழைவைச் சரிபார்க்கிறதே தவிர, சீட்டு யாருக்கு உரியது என்பதைச் சரிபார்ப்பதில்லை. பிறகு வெளியேறிவிட்டு அதே முகவரியை மீண்டும் இட்டுப் பாருங்கள். அப்போதும் திறந்தால், கோப்பு பொதுவெளியில்தான் கிடக்கிறது. இந்த இரண்டு சோதனைகளிலும் எதுவும் திறக்காத பிறகே, தளம் அமைத்துத் தந்தவரிடமிருந்து பொறுப்பைப் பெற்றுக்கொள்ளலாம்.