20500-ஆம் முகவரியில் இருப்பது யார்?

ஒரே கணினியில் இரண்டு நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே 20500 என்ற முகவரியில் இருப்பதைக் கேட்கின்றன. ஒன்றுக்கு ஒரு கடிதத்தின் எழுத்து கிடைக்கிறது, மற்றொன்றுக்கு ஒரு படத்தின் புள்ளி. முகவரி ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக வருவது எப்படி?

நிரல் சொல்லும் எண் ரேமில் உள்ள இடத்தைக் குறிப்பதில்லை. அது மெய்நிகர் முகவரி. ரேமில் அந்தப் பொருள் உட்கார்ந்திருக்கும் இடம் நிஜ முகவரி. முதலாவதை இரண்டாவதாக மாற்றித் தருவதற்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதன் பெயர் பக்க அட்டவணை. ஒவ்வொரு நிரலுக்கும் தனி அட்டவணை என்பதால்தான் ஒரே எண் இரண்டு இடங்களுக்கு வழிகாட்டுகிறது.

இந்த ஏற்பாட்டை 1962-இல் இயங்கத் தொடங்கிய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் முதலில் காண்கிறோம். அதன் மைய நினைவகம் சிறியது. பின்னால் காந்த உருளை ஒன்று பெரிய கிடங்காக இருந்தது. எந்தப் பகுதியை எப்போது உருளையிலிருந்து கொண்டுவருவது என்ற கவலையை நிரலாளரிடமிருந்து எடுத்து, கணினியே பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

இன்றைய பெரும்பாலான கணினிகளில் நினைவகம் 4096 பைட் அளவுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. நிரலின் பக்கம் பார்த்தால் அந்தத் துண்டின் பெயர் ‘பேஜ்’. ரேமில் அதே அளவுள்ள இடத்தின் பெயர் ‘ஃபிரேம்’. எந்த பேஜ் எந்த ஃபிரேமில் இருக்கிறது என்பதுதான் அட்டவணையில் எழுதியிருக்கும். அதைப் படித்து முகவரியை மாற்றுவது பிராசஸருக்குள் இருக்கும் எம்.எம்.யூ. என்ற பகுதி.

நம் 20500-ஐ எடுத்துக்கொள்வோம்.

```
20500 = 5 × 4096 + 20
9 × 4096 + 20 = 36884
```

முதல் வரி சொல்வது இது: நாம் தேடுவது 5-ஆம் பேஜில், தொடக்கத்திலிருந்து 20 பைட் தள்ளி இருக்கிறது. அட்டவணையின் 5-ஆம் வரியில் ‘ஃபிரேம் 9’ என்று இருந்தால், நிஜ முகவரி 36884. பேஜ் எண் மட்டும்தான் மாறுகிறது. உள்ளே தள்ளியிருக்கும் 20 அப்படியே இருக்கிறது.

அட்டவணையும் ரேமில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கே போய்ப் பார்த்தால் வேகம் கெடும். அதனால் அண்மையில் மாற்றிய முகவரிகளை டி.எல்.பி. என்ற சிறு குறிப்பேட்டில் பிராசஸர் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

அடுத்து, அதே நிரல் 24600-ஐக் கேட்கிறது. அது 6-ஆம் பேஜில் 24-ஆவது பைட். ஆனால் அட்டவணையின் 6-ஆம் வரியில், பேஜ் ரேமில் இருக்கிறதா என்று காட்டும் பிட் 0. இதுதான் பேஜ் ஃபால்ட். பெயரில் ‘தவறு’ இருந்தாலும் பெரும்பாலும் யாரும் தவறு செய்யவில்லை.

பிராசஸர் அந்தக் கட்டளையை நடுவிலேயே நிறுத்தி, சிக்கல் தந்த முகவரியைக் குறித்துவைத்துவிட்டு, பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இந்த முகவரி இந்த நிரலுக்கு உரியதுதானா என்று இயங்குதளம் முதலில் பார்க்கும். உரியதல்ல என்றால் நிரலின் கதை பெரும்பாலும் அங்கேயே முடியும். லினக்ஸில் `Segmentation fault` என்ற செய்தி வருவது அப்போதுதான்.

உரியதுதான் என்றால் ஒரு காலி ஃபிரேம் வேண்டும். காலி இல்லையென்றால், கொஞ்ச நாழியாக யாரும் தொடாத பேஜ் ஒன்றை வெளியேற்ற வேண்டும். ரேமுக்கு வந்தபின் அதில் ஏதாவது மாறியிருந்தால் முதலில் வட்டில் எழுதிவைத்த பிறகே வெளியேற்றலாம். மாறாததை அப்படியே விட்டுவிடலாம். வெளியேறிய பேஜுக்கான வரியை அட்டவணையில் திருத்தி, டி.எல்.பி.யிலிருந்தும் அழிக்க வேண்டும். மறந்தால் பழைய குறிப்பை நம்பி வேறொருவரின் தரவைத் தொட்டுவிடும்.

இப்போது 3-ஆம் ஃபிரேம் காலியானதாக வைத்துக்கொள்வோம். 6-ஆம் பேஜ் வட்டிலிருந்து அங்கே வந்து சேரும்வரை நம் நிரல் காத்திருக்கும். பிராசஸர் வேறு நிரலைக் கவனிக்கும். வந்ததும் அட்டவணையின் 6-ஆம் வரியில் ‘ஃபிரேம் 3’ என்று எழுதி, பிட்டை 1 ஆக்கி, நிறுத்திய அதே கட்டளையை முதலிலிருந்து ஓடவிடுகிறார்கள். இம்முறை விடை 12312. நடுவில் நடந்தது எதுவும் நிரலுக்குத் தெரியாது.

நமக்கு மட்டும் அது தெரியும், தாமதமாக. ரேமைத் தொடுவது ஒரு விநாடி என்று வைத்தால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுப்பது கால் மணி நேரம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நாளுக்கு மேல். நிரல்களுக்குத் தேவையான பேஜுகள் ரேமில் கொள்ளாதபோது, இப்போது வெளியேற்றியதையே மறுகணம் திரும்பக் கொண்டுவர நேரும். கணினி அசையாமல் நிற்கும். பிராசஸரோ வேலையின்றிக் காத்திருக்கும்.

லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க `vmstat 1` போதும். `si`, `so` என்ற இரண்டு பத்திகளிலும் விநாடிக்கு விநாடி பெரிய எண்கள் தொடர்ந்து வந்தால், பேஜுகள் ரேமுக்கும் வட்டுக்கும் இடையே அலைகின்றன என்று பொருள். அப்போது வேகமான பிராசஸர் வாங்கிப் பயனில்லை. திறந்திருக்கும் நிரல்களில் சிலவற்றை மூட வேண்டும், அல்லது ரேமைக் கூட்ட வேண்டும்.