S05 முதல் X25 வரை

ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்குச் சிறு முதலீடும் மூன்று மாதப் பயிற்சியும் தரும் அமைப்பை ஆக்சிலரேட்டர் என்கிறார்கள். அவற்றில் பெயர்பெற்றது அமெரிக்காவின் வொய் காம்பினேட்டர். அங்கே படித்து வெளியேறியவர்கள் தங்கள் நிறுவனப் பெயருக்குப் பக்கத்திலேயே பேட்ச் பெயரையும் எழுதிக்கொள்கிறார்கள். ட்ராப்பாக்ஸ் S07, ஏர்பிஎன்பி W09, ஸ்ட்ரைப் S09.

பருவத்துக்கு ஓர் எழுத்து, ஆண்டுக்கு இரண்டு இலக்கம். W குளிர்காலம், S கோடைக்காலம். 2005 கோடையில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் எட்டு நிறுவனங்களோடு தொடங்கிய முதல் பேட்ச் S05. ரெடிட் அதில் ஒன்று.

ஒவ்வொரு பேட்சுக்கும் மலர், மலை என்று தனி அழகுப் பெயர் வைக்கலாம்தான். அந்தப் பேட்சுக்குள் இருப்பவர்களுக்கு அது இனிக்கும். பத்து வருடம் கழித்து வருபவருக்கோ அதைக் கேட்டால் யார் மூத்தவர், யார் இளையவர் என்று புரியாது. ஒரே வாய்பாட்டில் வைத்த பெயர் அப்படியில்லை. W09 என்றதுமே S21 காரருக்கு எதிரே இருப்பவர் எத்தனை ஆண்டு மூத்தவர் என்று தெரிந்துவிடுகிறது. நம் கல்லூரிகளில் “நீங்க எந்த பேட்ச்?” என்று கேட்டதும் பேச்சு தானாகத் தொடங்குவது போலத்தான் இதுவும். ஆண்டுகளைத் தாண்டிய உறவுக்கு இந்த வரிசைதான் அடித்தளம் என்பது என் கருத்து.

இன்னொரு நன்மை, குறி ஒட்டுவது நிறுவனத்தின் வெற்றியில் அல்ல, வந்த காலத்தில். ஜஸ்டின் கானும் எம்மெட் ஷியரும் S05இல் கிகோ என்ற இணைய நாட்காட்டியோடு வந்தார்கள். அது ஓடவில்லை, 2006இல் ஈபேயில் ஏலம் விட்டார்கள். பிறகு ஜஸ்டின் டாட் டிவியோடு திரும்பி வந்து W07 ஆனார்கள். அதிலிருந்து பிறந்த ட்விட்சை 2014இல் அமேசான் வாங்கியது. முதல் முயற்சி போனாலும் அவர்கள் S05காரர்கள் என்பது போகவில்லை.

வாய்பாட்டிலும் ஓட்டை உண்டு. ஆண்டுக்கு நான்கு பேட்ச் நடத்த முடிவானபோது இலையுதிர்காலத்துக்கு F கிடைத்தது. வசந்தத்துக்கான ஸ்பிரிங்கின் முதல் எழுத்தைக் கோடையின் சம்மர் எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது. 2025 வசந்தப் பேட்ச் X25 ஆனது. பழைய S எதையும் தொடாமல் புதிய எழுத்தைத் தேடியது சரியான முடிவு. பழையவர்களின் பெயரை மாற்றியிருந்தால் இருபது ஆண்டு வரிசையே குழம்பியிருக்கும்.

பெயரால் ஆகாத காரியமும் இருக்கிறது. W22இல் நானூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள். குறி ஒன்றுதான், ஆனால் அத்தனை பேரும் ஒருவரையொருவர் அறிவது நடக்காது. அதனால் பேட்சைச் சிறு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். வழிகாட்டிகளைச் சந்திப்பதும் ஒருவர் சிக்கலை மற்றவர் கேட்பதும் அந்தக் குழுவுக்குள் நடக்கிறது. அடுத்த கோடைப் பேட்சில் எண்ணிக்கையையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள்.