noreply முகவரிக்கு அனுப்பிய பதில் எங்கே போகிறது?

எஸ்.பி.எம். முடித்த மாணவர்கள் மேற்கல்விக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் காலத்தில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "டீச்சர், நான் ரிப்ளை பண்ணிட்டேன், அவங்க பதிலே போடலையே?" பெரும்பாலும் அவர்கள் பதில் எழுதியிருப்பது noreply என்று தொடங்கும் ஒரு முகவரிக்கு.

என் முன்னாள் மாணவி ஒருவரின் கதையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை அவருக்கு மின்னஞ்சல் வந்தது. அப்பாவின் சம்பளச் சீட்டு இல்லாததால் விண்ணப்பம் முழுமையில்லை, அடுத்த திங்கள் மாலை 5 மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. அன்று மாலையே சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து, கூடவே அடையாள அட்டையின் படத்தையும் இணைத்து, அந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பிவிட்டார். புதன்கிழமை மீண்டும் ஒருமுறை அனுப்பினார். எதுவும் திரும்பி வரவில்லை, அதனால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை விண்ணப்பத் தளத்தைத் திறந்து பார்த்தால், நிலை இன்னும் Tidak Lengkap. அப்போதுதான் என்னிடம் வந்தார்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மின்னஞ்சலை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதவில்லை. விண்ணப்ப முறைமை தானாக அனுப்பியது. அனுப்புநர் இடத்தில் என்ன முகவரி வர வேண்டும் என்பதை அந்த நிரலில் ஒரு வரியாக எழுதிவைத்திருப்பார்கள். அந்தப் பெயரில் உண்மையான அஞ்சல் பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடிதம் அனுப்ப உறையின் பின்னால் ஒரு முகவரி எழுதினால் போதும், அந்த வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று தபால்காரர் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மின்னஞ்சல் போகும்போது, 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதில்களும், முகவரி தவறு என்று திரும்பும் அஞ்சல்களும் குவியும். அவற்றின் நடுவே உண்மையான கேள்வியைத் தேடி எடுக்க ஆள் வைப்பதில்லை. இது அலுவலகத்துக்கு வசதி, விண்ணப்பிப்பவருக்குத் தொல்லை என்பது என் கருத்து. ஆனாலும் நடைமுறை இதுதான்.

அந்த முகவரிக்கு நாம் பதில் அனுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். பெட்டியே இல்லையென்றால், பெரும்பாலும் சில நிமிடங்களில் Mail Delivery Subsystem என்ற பெயரில் ஒரு அறிவிப்பு நமக்குத் திரும்பி வரும். அதில் 550 5.1.1 என்ற எண்ணைக் கண்டால், அப்படி ஒரு முகவரி இல்லை என்று பொருள். இது நல்லது, ஏனென்றால் போகவில்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொரு வகைதான் ஆபத்து. பெட்டி இருக்கும், வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஆனால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், அல்லது வந்தவுடன் தானாக அழிந்துவிடும். நமக்கு எந்த அறிவிப்பும் வராது. மாணவிக்கு நடந்தது இதுவே. அஞ்சல் திரும்பி வராததை அவர் 'கிடைத்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டார். அவருடைய அடையாள அட்டைப் படமும் யாரும் பார்க்காத ஏதோ ஒரு பெட்டியில் கிடக்கிறது.

அதற்காக noreply என்று கண்டவுடன் கைவிட்டுவிடவும் வேண்டாம். மின்னஞ்சலின் தலைப்பகுதியில் Reply-To என்று தனியாக ஒரு வரி இருக்கலாம்:

```
From: Unit Bantuan <noreply@example.com>
Reply-To: bantuan@example.com
```

இப்படி இருந்தால் நம் பதில் noreply முகவரிக்குப் போகாது, இரண்டாவது முகவரிக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. Reply பொத்தானை அழுத்துங்கள், எதையும் அனுப்பாமல் To இடத்தில் எந்த முகவரி விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அங்கேயும் noreply என்றே இருந்தால் அந்த வழி அடைபட்டது, வரைவை அழித்துவிடலாம். மாணவியின் மின்னஞ்சலில் அப்படித்தான் இருந்தது.

அடுத்து, ஒரு மனிதரைத் தேட வேண்டும். மின்னஞ்சலுக்குள் இருக்கும் இணைப்பையோ தொலைபேசி எண்ணையோ நாங்கள் பயன்படுத்தவில்லை. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடுவது எளிது என்பதால், நிறுவனத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே போவதுதான் நல்லது. Hubungi Kami பக்கத்தில் பொதுவான எண் ஒன்று இருக்கும். அதைவிடப் பயனுள்ளது Direktori. நம் நாட்டு அரசுத் தளங்கள் பலவற்றில் பிரிவு வாரியாக அதிகாரிகளின் பெயர், பதவி, நீட்டிப்பு எண், மின்னஞ்சல் எல்லாம் அங்கே கிடைக்கும். மின்னஞ்சலில் @ குறிக்குப் பதிலாக [at] என்று போட்டிருப்பார்கள், குப்பை அஞ்சல்காரர்கள் திரட்டாமல் இருப்பதற்காக. நாம் எழுதும்போது @ ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். தலைவரின் முகவரிக்குப் பாய வேண்டாம். விண்ணப்பங்களைக் கையாளும் பிரிவில் உதவி அதிகாரி அல்லது எழுத்தர் நிலையில் இருப்பவரே கோப்பைத் திறந்து பார்ப்பவர்.

அன்று வெள்ளிக்கிழமை. அரசு அலுவலகங்களில் மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை என்பதால் 3 மணிக்கு அழைத்தோம். (கிளந்தான், திரங்கானு, கெடா மாநில அலுவலகம் என்றால் வெள்ளியும் சனியும் விடுமுறை, நினைவில் இருக்கட்டும்.) முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. அதனால் காத்திருக்காமல் மின்னஞ்சலும் எழுதினோம். தலைப்பு இப்படி:

```
No. Permohonan (nombor): slip gaji bapa, status masih Tidak Lengkap
```

தலைப்பிலேயே விண்ணப்ப எண், என்ன ஆவணம், என்ன சிக்கல் மூன்றும் இருக்கின்றன. 'Pertanyaan' என்று மட்டும் எழுதினால் கடைசியாகத்தான் திறப்பார்கள். உள்ளே நான்கே வாக்கியம்: பெயர், எந்தத் தேதியில் என்ன அறிவிப்பு வந்தது, தான் என்ன செய்தார், இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே கேள்வி. அடையாள அட்டைப் படத்தை இணைக்கவில்லை, அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

3.40க்கு மறுபடி அழைத்தபோது ஓர் அதிகாரி எடுத்தார். விண்ணப்ப எண்ணைக் கேட்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "Dokumen tak masuk dalam sistem, dik" என்றார். மின்னஞ்சலில் வரும் ஆவணங்களை அவர்கள் ஏற்பதே இல்லையாம், தளத்தில்தான் பதிவேற்ற வேண்டும். மாணவி திங்களன்றே பதிவேற்ற முயன்றிருந்தார், ஆனால் கைப்பேசிப் படம் 4.8 எம்.பி., தளத்தின் வரம்பு 2 எம்.பி. அது மறுத்ததால்தான் மின்னஞ்சல் வழிக்கே போயிருக்கிறார்! பள்ளி அலுவலகத்தில் பி.டி.எஃப். ஆக வருடினோம், 400 கே.பி.க்குள் வந்தது. பதிவேற்றினோம், நிலை மாறவில்லை. அதிகாரி இன்னும் தொலைபேசியில்தான் இருந்தார். "Simpan மட்டும் அழுத்தினால் வரைவாகத்தான் இருக்கும், கீழே Hantar அழுத்துங்கள்" என்று விளக்கினார். அந்தப் பொத்தான் கைப்பேசித் திரையில் கீழே மறைந்து கிடந்தது.

அழுத்தியதும் Dalam Proses என்று மாறியது. மாணவி அந்தத் திரையைப் படம் பிடித்து, அதிகாரியின் பெயரையும் அழைத்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சற்று நேரத்தில் noreply முகவரியிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது: ஆவணம் பெறப்பட்டது, இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.