பக்கத்து மனையில் கிரேன் வந்தால் வாடகை குறையுமா?

பெர்லினில் பழைய அடுக்குமாடிகளின் வரிசைக்கு நடுவே, பல் விழுந்த இடம்போல, காலி மனைகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் இடங்கள் பல அப்படியே கிடந்து, பின்னாளில்தான் ஒவ்வொன்றாக நிரம்பின. அப்படி ஒரு மனையில் வேலை தொடங்கிவிட்டால் ஒட்டிய வீட்டில் குடியிருப்பவர் பாடு திண்டாட்டம். காலை ஏழு மணிக்கே துளைபோடும் இயந்திரம் அலறும். ஜன்னலைத் திறந்தால் சிமென்ட் தூசி மேஜையில் படியும். பால்கனியில் துணி காயப்போட முடியாது. மாதக்கணக்கில் இப்படி இருக்கும்போது வாடகையை மட்டும் ஏன் முழுசாகக் கொடுக்க வேண்டும்?

ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கின்றன. அங்கே இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. சிவில் சட்டத்தின் 536ஆம் பிரிவுப்படி, வீட்டில் குறிப்பிடத்தக்க குறை வந்தால், அது தீரும்வரை வாடகை தானாகவே குறைந்துவிடும். வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. தப்பு அவருடையதா என்றும் பார்ப்பதில்லை. குறையை உடனே அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றுபோனால் இது சுலபமாகப் பொருந்தும். பக்கத்து மனையின் இரைச்சலையும் இதே கணக்கில் சேர்த்து, கீழ் நீதிமன்றங்கள் பல காலமாக வாடகையைக் குறைத்துக் கொடுத்துவந்தன.

உச்ச நீதிமன்றம் 2015இல் இதற்குக் கடிவாளம் போட்டது. ஹாம்பர்க்கில் ஒரு பள்ளி புதிதாக அமைத்த விளையாட்டுத் திடலின் சத்தம் பற்றிய வழக்கு அது. பெர்லினின் காலி மனை ஒன்றில் எழுந்த கட்டடம் தொடர்பாக 2020 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பு, அதே விதியைக் கட்டுமான இரைச்சலுக்கும் பொருத்தியது. குடிவந்த நாளில் தெரு அமைதியாக இருந்தது என்பதற்காக, அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்ததாக ஆகாது. பக்கத்து மனை அவர் கையில் இல்லை. ஆகவே ஒரே அளவுகோல்தான்: வீட்டுக்காரரே அந்தப் பக்கத்து மனைக்காரரைத் தடுக்கவோ, இழப்பீடு வாங்கவோ முடியுமா? முடியும் என்றால் வாடகை குறையும். அவரும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்றால் குடியிருப்பவரும் சகிக்க வேண்டும்.

ஒரே ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் கண்ணில் இது நியாயம்தான். ஆனால் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்க வேண்டிய நர்ஸுக்கு இது பெரிய கொடுமை. சட்டம் அந்த இழப்பை யார் தலையிலும் வைக்காமல், அவர் தலையிலேயே விட்டுவிடுகிறது.

இருந்தாலும் கதவு முழுசாக மூடவில்லை. இரைச்சல் தாங்கமுடியாதது என்று குடியிருப்பவர் காட்ட வேண்டும். ஆனால் சகித்தே ஆக வேண்டிய இரைச்சல் அது என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. நிமிடவாரியான பதிவேடும் தேவையில்லை. என்ன சத்தம், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை முறை என்று விவரித்தாலே போதும் என்று 2012இல் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டுமான இரைச்சலுக்கான விதியில், வீடுகளே பெரும்பாலும் உள்ள பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். பகல் என்பது காலை 7 முதல் இரவு 8 வரை. அந்த நேரத்துக்கு வெளியே ஓடும் கலவை இயந்திரத்தைக் குறித்துவைத்தால் வழக்கின் பலம் கூடும். தூசிக்குத் தேதியோடு எடுத்த படங்களே சாட்சி.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தானாகக் குறையும் என்ற நம்பிக்கையில் சொந்தக் கணக்குப் போட்டுப் பணத்தைப் பிடித்துக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை 900 யூரோ, தண்ணீர், ஹீட்டர் முதலான செலவுகளுக்கு 200 யூரோ என்று வைத்துக்கொள்வோம். குறைப்பு மொத்தம் 1,100 மேல்தான் கணக்கிடப்படும். ஒருவர் 20 சதவீதம், அதாவது மாதம் 220 யூரோ பிடிக்கிறார். பத்து மாதத்தில் 2,200 ஆகிவிடும். நீதிமன்றம் குறைப்பே இல்லை என்று சொன்னால் அது இரண்டு மாத வாடகை பாக்கி. முன்னறிவிப்புக் காலம் இல்லாமலே வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதுவே போதும். 'தெரியாமல் செய்தேன்' என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் முழு வாடகையையும் கட்டிவிட்டு, 'உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று எழுத்தில் தெரிவித்துவிடுவார்கள். பிறகு கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். வழக்குக்கு முன்னால், வேலை முடியும்வரை மாதம் இவ்வளவு குறைத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பேட்டின் நகலோடு ஒரு கடிதம் எழுதுவதும் வழக்கம். நல்ல வாடகைதாரரை இழந்து, இரைச்சல் ஓயாத வீட்டுக்குப் புது ஆள் தேட விரும்பாத வீட்டுக்காரர், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஓரளவு இறங்கிவரக்கூடும்.