கூம்பை வில்லை வில்லையாக நறுக்கினால்

கடற்கரையில் வறுத்த வேர்க்கடலை வாங்குகிறவர் கைக்கு வருவது ஒரு காகிதக் கூம்பு. கொறித்துக்கொண்டே நடக்கும்போது கடலை பாதி உயரத்துக்கு இறங்கியிருக்கும். சரி, இன்னும் பாதி இருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் மிஞ்சியிருப்பது எட்டில் ஒரு பங்குதான். கீழே உள்ள சின்னக் கூம்பின் உயரம் பாதி; அதன் வாயின் அகலமும் பாதி, அதனால் வாயின் பரப்பு கால். பாதியில் கால் என்றால் எட்டில் ஒன்று.

கூம்பின் கன அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சூத்திரம் V = (1/3)πr²h. அதே அடியும் அதே உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு. இந்த மூன்று எங்கிருந்து வந்தது? பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் ஒரு செய்முறை உண்டு: கூம்பில் மணலை நிரப்பி உருளையில் கொட்ட வேண்டும், மூன்று முறை கொட்டினால் உருளை நிரம்பும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மணல் குலுக்கினால் அமுங்கும், விளிம்பில் குவியும், அட்டையின் தடிமனும் கொஞ்சம் இடத்தைத் தின்னும். ஏறத்தாழ மூன்று என்று அது காட்டும், 2.95 இல்லை, 3.05 இல்லை என்று காட்டாது. ஏன் மூன்று என்பதைச் சொல்லவே சொல்லாது.

சூத்திரத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கேரட்டை நறுக்குவதுபோல் கூம்பைக் குறுக்கே நறுக்கிப் பார்க்கலாம். கூம்பு நுனி கீழே இருக்கும்படி நிற்கட்டும். உயரம் 10 செ.மீ., வாயின் ஆரம் 5 செ.மீ. பக்கம் நேர்கோடாக ஏறுவதால், நுனியிலிருந்து x செ.மீ. உயரத்தில் ஆரம் சரியாக x/2. 4 செ.மீ. உயரத்தில் 2, 8 செ.மீ. உயரத்தில் 4. வடிவொத்த முக்கோணங்கள் தரும் இந்த ஒரு விவரம் போதும். மீதியெல்லாம் இதிலிருந்தே வரும்.

1 செ.மீ. தடிமனில் பத்து வில்லைகள் கிடைக்கின்றன. இங்கேதான் பழைய சிக்கல் ஒன்று எட்டிப்பார்க்கிறது. கூம்பை அடிக்கு இணையாக வெட்டினால், வெட்டின் இரு பக்கமும் தெரியும் வட்டங்கள் சமமா, சமமில்லையா என்று டெமாக்ரிட்டஸ் கேட்டதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். சமமில்லை என்றால் கூம்பின் பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்க வேண்டும். சமம் என்றால் எல்லா வட்டமும் ஒரே அளவாகி, கூம்பு உருளையாகிவிடும்! கேலிக்குக் கேட்ட கேள்வி அல்ல இது. ஒரு வில்லையின் மேல்முகம் பெரியது, கீழ்முகம் சிறியது. அதன் கன அளவைக் கணக்கிட எந்த ஆரத்தை எடுப்பது?

இரண்டையும் எடுத்துக்கொள்வதுதான் தப்பிக்கும் வழி. ஒவ்வொரு வில்லைக்கும் பெரிய ஆரத்தை எடுத்தால் விடை உண்மையைவிடக் கூடும். சிறிய ஆரத்தை எடுத்தால் குறையும். உண்மை எப்படியும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

பெரிய ஆரங்கள் 0.5, 1, 1.5 என்று ஏறி 5-இல் முடிகின்றன. நுனியிலிருந்து k-ஆவது வில்லையின் கன அளவு πk²/4. முதல் வில்லை ஒரு கன செ.மீ.க்கும் குறைவு, பத்தாவது வில்லை மட்டுமே 78.5 கன செ.மீ. 1 முதல் 10 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 385. அதை π/4-ஆல் பெருக்கினால் 302.4. சிறிய ஆரங்களுக்குக் கூட்டல் 9-ன் வர்க்கத்தோடு நின்றுவிடுகிறது: 285, அதாவது 223.8 கன செ.மீ. ஆகவே கூம்பு 223.8-க்கும் 302.4-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இவ்வளவு அகலமான இடைவெளியால் என்ன பயன் என்று கேட்கலாம். இந்தப் பத்து முரட்டு வில்லைகளே ஒரு பெரிய தவறைப் பிடித்துவிடும். இதே அடியும் உயரமும் உள்ள உருளையின் கன அளவு 785.4. முக்கோணம் செவ்வகத்தில் பாதி என்பதால் கூம்பும் உருளையில் பாதி என்று ஒருவர் நினைத்தால் விடை 392.7. மேல் எல்லையான 302.4-ஐ அது தாண்டிவிட்டது. தவறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ‘சராசரி ஆரம் 2.5 தானே, அதை வைத்தே உருளையாகக் கணக்கிடலாமே’ என்று இன்னொருவர் கிளம்பினால் அவருக்குக் கிடைப்பது 196.3. அது கீழ் எல்லைக்கும் கீழே.

பாதி என்ற தவறைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், முக்கோண அடி கொண்ட கூர்நுனிக் கோபுரத்தின் கன அளவு அடிப்பரப்பு பெருக்கல் உயரத்தில் பாதி என்று ஒரு செய்யுள் சொல்கிறது. வேறு பொருள் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் பொதுவாகக் கொள்ளப்படும் பொருள் இதுதான். அடி முக்கோணமாக இருந்தாலும் வட்டமாக இருந்தாலும், குறுக்குவெட்டின் பரப்பு உயரத்தின் வர்க்கத்தைப்போலவே வளர்வதால் பங்கு மாறாது. அது பாதி அல்ல, மூன்றில் ஒன்று. 628-இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகவே எழுதிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், தவறைத் திருத்தும் கருவி அதே ஆரியபட்டீயத்தில், சில செய்யுள்கள் தள்ளி இருக்கிறது: 1 முதல் n வரையுள்ள எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. இன்றைய குறியீட்டில் அது n(n+1)(2n+1)/6. n-க்குப் பதில் 10 போட்டால் நாம் ஒவ்வொன்றாகக் கூட்டிய 385 வந்துவிடும். அந்தச் செய்யுளை இந்தச் செய்யுளோடு சேர்த்துப் பார்த்திருந்தால்!

அந்தச் சேர்க்கையை இப்போது செய்யலாம். வில்லைகள் பத்துக்குப் பதில் n என்றால், மேல் எல்லை உருளையில் எத்தனை பங்கு என்பதை அந்தச் சூத்திரமே தருகிறது:

1/3 + 1/(2n) + 1/(6n²)

கீழ் எல்லையில் நடுவிலுள்ள கூட்டல் குறி கழித்தலாகும், அவ்வளவுதான். n = 100 எனில் நம் கூம்பு 257.9-க்கும் 265.7-க்கும் நடுவில் நெருக்கப்படுகிறது. n = 1000 எனில் 261.4-க்கும் 262.2-க்கும் நடுவில். இரு எல்லைகளுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் வாயோரத்து ஒற்றை வில்லையின் அளவு. வில்லை மெலிய மெலிய அதுவும் கரைகிறது. கடைசியில் தப்பி நிற்பது 1/3 ஒன்றுதான். 785.4-இல் மூன்றில் ஒன்று 261.8. டெமாக்ரிட்டஸின் படிக்கட்டு இருக்கட்டும். அது எவ்வளவு சிறியதாக வேண்டுமானாலும் ஆகலாம் என்பதே பதில்.

கிரேக்கர்களும் இப்படி இரு பக்கமும் நெருக்கித்தான் இதை நிரூபித்தார்கள். யூக்ளிடின் 12-ஆம் நூலில் நிரூபணம் இருக்கிறது. மூன்றில் ஒன்று என்பதை நிரூபணமில்லாமல் முதலில் சொன்னவர் டெமாக்ரிட்டஸ், நிரூபித்தவர் யூடாக்சஸ் என்று ஆர்க்கிமிடிஸ் பெருமையைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லும் அவருடைய நூலை, அழித்துப் பிரார்த்தனைப் புத்தகமாக மாற்றி எழுதப்பட்ட தோல்சுவடி ஒன்றில் 1906-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஹைபெர்க் கண்டெடுத்தார்.

வர்க்கங்களைக் கூட்டும் பாட்டைத் தொகை நுண்கணிதம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. நுனியிலிருந்து x தூரத்தில் ஆரம் rx/h. அங்கே dx தடிமனுள்ள வில்லையின் கன அளவு π(rx/h)²dx. இதை நுனியிலிருந்து வாய்வரை தொகையிட வேண்டும்:

V = ∫₀ʰ π(rx/h)² dx = (πr²/h²) · (h³/3) = (1/3)πr²h

மாணவர்கள் இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. x-ஐ நுனியிலிருந்து அளக்காமல் வாயிலிருந்து அளக்கத் தொடங்கிவிட்டு, ஆரத்தை மட்டும் rx/h என்றே எழுதிவிடுவார்கள். அப்போது ஆரம் r(1 − x/h) என்றுதான் இருக்க வேண்டும். முழுக் கூம்புக்கு இந்தத் தவறு வெளியே தெரியாது. விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும். வாயிலிருந்து பாதித் தூரம்வரை மட்டும் கேட்டால் குட்டு உடையும். எட்டில் ஏழு வர வேண்டிய இடத்தில் எட்டில் ஒன்று வந்து நிற்கும்.

சரி, x²-ஐத் தொகையிட்டால் x³/3 ஏன்? பக்கம் x உள்ள ஒரு கனசதுரத்தை அறையின் மூலையில், இரு சுவர்களையும் தரையையும் ஒட்டி வைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். அது கொஞ்சம் வளர்ந்தால் வெளியே தெரியும் மூன்று முகங்களிலும் மெல்லிய பூச்சு ஏறும். ஒவ்வொரு பூச்சின் பரப்பும் x². விளிம்புகளில் சேரும் சொற்பத்தை விட்டுவிடலாம். ஆக x³ என்ற கன அளவு, x² அளவுள்ள மூன்று பூச்சுகளால் ஒரே நேரத்தில் கட்டப்படுகிறது. ஒரு முகத்தின் பூச்சுகளை மட்டும் சேர்த்தால் அதில் மூன்றில் ஒன்று. கூம்பின் வில்லைகளும் x²-ஆக வளர்பவைதான். சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று, கனசதுரத்தின் இந்த மூன்று முகங்கள்.

இந்த வில்லை வித்தை எல்லாவற்றுக்கும் செல்லாது. நம் கூம்புக்கு எவ்வளவு காகிதம் வேண்டும் என்று கேட்டால் அது ஏமாற்றிவிடும். ஒவ்வொரு வில்லையின் நெட்டு விளிம்பையும் சுற்றளவு பெருக்கல் தடிமன் என்று கூட்டிக்கொண்டே போனால், வில்லைகள் மெலிய மெலிய விடை 157.1 சதுர செ.மீ. என்ற இடத்தில் நிற்கும். ஆனால் சாயுயரம் √125, அதாவது 11.18 செ.மீ.; பக்கத்தின் உண்மைப் பரப்பு πrl, 175.6. வில்லையை ஆயிரமாக்கினாலும் கோடியாக்கினாலும் 18.5 சதுர செ.மீ. வித்தியாசம் போகாது. கன அளவில் படிக்கட்டு விட்ட பிழை வில்லையோடு சேர்ந்து கரைந்தது. பரப்பில் அப்படி இல்லை: உண்மையான பக்கம் சாய்ந்து போகிறது, படியின் விளிம்பு நெட்டாகவே நிற்கிறது, படி எவ்வளவு சிறிதானாலும் சாய்வு மாறாததால் இரண்டுக்கும் உள்ள விகிதமும் மாறாது. அதனால் பரப்புக்கு dx-ஐ எடுக்கக் கூடாது, சாய்வு வழியே அளந்த தடிமனை எடுக்க வேண்டும்.

வெட்டி ஒட்டினாலே இது தெரிந்துவிடும். 11.18 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 161 பாகைத் துண்டை வெட்டிச் சுருட்டினால் நம் கூம்பு வரும். 157.1 என்ற கணக்கை நம்பி 144 பாகை வெட்டினால், விளிம்போடு விளிம்பு ஒட்டியபின் வாயின் ஆரம் 5 இருக்காது, 4.47 செ.மீ. தான் இருக்கும்.