எண்பது ரூபாய்க் குறைவு

தவணை 8,500 ரூபாய். கணக்கில் இருப்பது 8,420. இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் தானியங்கிப் பற்றில் இல்லை; கோரிக்கை முழுவதும் திரும்பிவிடும். திருப்பியதற்கு உங்கள் வங்கி ஜிஎஸ்டியுடன் கட்டணம் பிடிக்கும். கடன் தந்த நிறுவனம் தனியாக ஒன்று கேட்கும். எண்பது ரூபாய்க்கு இரட்டை அடி! மறுபடி அனுப்பி அதுவும் திரும்பினால் மீண்டும் கட்டணம்.

2021 ஆகஸ்ட் முதல் இந்தப் பற்று ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் நடக்கிறது. எனவே முந்தைய நாள் மாலைக்குள் பணம் இருக்கட்டும். சம்பளம் 7-ஆம் தேதி வருமென்றால், தவணைத் தேதியை 10-க்கு மாற்றித்தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

காசோலை திரும்பினால் விஷயம் பெரிது. கடனுக்காகக் கொடுத்ததென்றால், நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் கட்டாவிட்டால் பிரிவு 138-இல் குற்ற வழக்கே தொடரலாம்.